பலகையில் எழுத வேண்டிய பெயர்

இணையம் வழியாக நன்கொடை வர ஆரம்பித்தால் உங்களுக்கு வேலையே இருக்காது என்று சொன்ன புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், கைகால் சரியாக இயங்காத குழந்தைகளுக்குப் பகல்நேரப் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. அதை நடத்திய அறக்கட்டளையில் நான் அலுவலகப் பெண். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, ரசீது போடுவது, நன்றிக் கடிதம் எழுதுவது, போனை எடுப்பது எல்லாம் நானே. எனக்கு மேலே பொருளாளர் சார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பைசா சம்பளம் வாங்காமல் தினமும் வந்து எங்கள் உயிரை எடுப்பார். பின்பக்கம் சமையல் செய்தது காசிமேட்டு மீனவக் குப்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

குழந்தைகளின் மதியச் சாப்பாட்டுக்கு யாராவது ஒருவர் ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்வார். அந்த நாளில் வடை பாயசத்தோடு சாப்பாடு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் ‘இன்றைய உணவு இன்னார் நினைவாக’ என்றோ, ‘இன்னாரின் பிறந்தநாளை முன்னிட்டு’ என்றோ சாக்பீஸில் எழுதுவேன். பலகைக்கு முன்னால் குழந்தைகள் சாப்பிடுவதைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து நன்கொடையாளருக்கு அனுப்புவோம். ரசீதை விட அந்தப் படத்துக்குத்தான் ஜனங்கள் ஏங்குவார்கள்.

பிறகு வெப்சைட் வந்தது. ஒரு தன்னார்வலர் இலவசமாகச் செய்து கொடுத்தார். அப்போது எங்கள் பக்கத்தில் இணையம் வழியாகச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட முடிந்தது எங்கள் மையத்துக்கு மட்டும்தான். இலவசம் என்பதால் எதையும் மாற்றச் சொல்லிக் கேட்கவும் முடியாது. நாள்காட்டியில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் நிரப்பி, கார்டு எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அந்தப் படிவத்தில் ‘யாருடைய நினைவாக’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதையும் கட்டாயம் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கே போகும். பிறந்தநாளுக்குக் கொடுப்பவர் என்ன செய்வார்? பிறந்தநாள் குழந்தையின் பெயரை அதே கட்டத்தில் போட்டுவிடுவார். அப்படி ஒருவர் போட, நானும் ‘நினைவாக’ என்று எழுதிப் படம் எடுத்து அனுப்ப, மறுநாள் மணலி புதுநகரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பனும் ஆத்தாளும் வந்துவிட்டார்கள். அன்று நான் வாங்கிய திட்டில் காது புளித்துவிட்டது. அதற்குப் பிறகு, நன்கொடையாளரைக் கேட்காமல் பலகையில் சாக்பீஸ் வைப்பதில்லை.

பணம் வருவதும் ஜனங்கள் நினைப்பது போல் இல்லை. கார்டில் பணம் போன உடனே, பணப் பரிவர்த்தனையைக் கையாளும் நிறுவனத்திலிருந்து நன்கொடையாளருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போய்விடும். அதையே ரசீது என்று நினைத்துக்கொள்வார்கள். அது ரசீது இல்லை. எங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்து சேர சில நாள் ஆகும். அதுவும் பல பேர் கொடுத்ததை ஒரே தொகையாக, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு அந்த நிறுவனம் அனுப்பும். அவர்கள் தரும் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் வைத்து, எது யாருடையது என்று பொருத்திப் பார்த்த பிறகுதான் வரிவிலக்கு எண் போட்ட ரசீது. நன்கொடையாளர் கொடுத்த முழுத் தொகைக்கும் ரசீது போட வேண்டும். கழித்துக்கொண்ட கட்டணம் எங்கள் செலவு. இதையெல்லாம் பொருளாளர் சார் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் பட்டியலைத் திறந்து பார்த்தபோது ஷார்ஜா முகவரியோடு ஒரு நன்கொடை இருந்தது. கார்டும் அந்த ஊர் வங்கியுடையது. ஆண் பெயர். ஒரு நாள் சாப்பாட்டுக்கு, அடுத்த வாரத்துத் தேதி ஒன்றைக் குறித்திருந்தான். ‘யாருடைய நினைவாக’ என்ற கட்டத்தில் பின்கட்டில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அக்காவின் பெயர் இருந்தது.

முதலில் சிரிப்புதான் வந்தது. அது அம்மன் பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். பிறகு பணம் கொடுத்தவனின் பெயரைப் பார்த்தேன். அதற்கு முன்னால் இருந்த இனிஷியலைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் செத்துப்போன புருஷன் பெயர் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கும்.

அக்காவுக்கு ஒரே மகன். அவனைப் பற்றி அவள் பேசாத நாளே கிடையாது. ஆனால் பெயர் சொல்ல மாட்டாள், ‘அவன்’ என்பதோடு சரி. அப்பனோடு விசைப்படகில் போக மாட்டேன் என்றானாம். அப்பன் குடித்துவிட்டு அடித்தானாம். இவன் திருப்பிக் கை ஓங்கிவிட்டான். அந்தக் கோபத்தில் இவள், “போடா, நான் செத்தாகூட வராத, என் மூஞ்சில முழிக்காத” என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். அவன் போய்விட்டான். கப்பல் வேலை என்று யாரோ சொன்னார்களாம். அவ்வளவுதான். “சொல்லிகினே கீறோமே பாப்பா, ஒரு வார்த்த, அது போயி புள்ள காதுல குந்திக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்று வெங்காயம் உரிக்கும்போது சொல்வாள். வெங்காயத்தால்தான் கண்ணில் தண்ணீர் என்று நானும் நம்புவது போல் இருப்பேன்.

படிவத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டேன். சாயங்காலமும் போட்டேன். வெளிநாட்டுக் கால் போடுகிறேன் என்று பொருளாளர் சார் முறைத்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பட்டியலை மட்டும் பார்த்தார். “வெளிநாட்டுக் கார்டு. நமக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி கிடையாது. தெரியுமில்ல?”

“ஆள் நம்ம ஊர்க்காரன் சார்.”

“அது நீ சொல்றது. வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்துலேர்ந்து குடுத்தா வாங்கலாம். அந்த ஊர்க் குடியுரிமை வாங்கியிருந்தா ஒரு பைசா தொடக்கூடாது. பாஸ்போர்ட் நகல் கேளு. முதல் பக்கம், முகவரி இருக்கிற கடைசிப் பக்கம். வர்ற வரைக்கும் ரசீது கிடையாது, சாப்பாடு கிடையாது. குறிச்ச தேதிக்குள்ள வரலேன்னா, அதே கார்டுக்குத் திருப்பி அனுப்பிடுவேன்.”

“சார், அவன் அக்காவோட பையனா இருந்தா?”

“அதுக்காகச் சட்டம் மாறுமா?” என்றார். “இன்னொண்ணு. நன்கொடையாளர் விவரம் இந்த மேஜையைத் தாண்டக்கூடாது. சமையக்கட்டுல போய் வாய் விட்டுடாதே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேப்பர் வெயிட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளிடம் போய், உன் மகன் போலிருக்கிறது என்று சொல்லி, அவன் வேறு யாரோ ஒருவனாகிவிட்டால்? இத்தனை வருஷம் கழித்து அவளை அப்படிச் சாகடிக்க எனக்கு என்ன உரிமை?

மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. ஊரை விட்டு ஓடியவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடு என்று கேட்டால் என்ன நினைப்பான்? சட்டென்று விலகிவிட்டால், பணம் திரும்பிப் போகும், அவனும் போவான். கையில் கிடைத்த ஒரே நூல் அது. எத்தனையோ முறை எழுதி அழித்து, கடைசியில் மரியாதையாகக் கேட்டேன். உங்கள் நன்கொடைக்கு நன்றி, வெளிநாட்டுக் கார்டு என்பதால் நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதற்குச் சான்று தேவை, அது வந்த பிறகே ரசீது தர முடியும். அதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்தேன். எங்கள் படிவத்தில் ஒரே கட்டம்தான் இருக்கிறது, பலகையில் அந்த அம்மாளின் நினைவாக என்று எழுதவா, நலம் வேண்டி என்று எழுதவா?

பதில் இல்லை.

நாள் போய்க்கொண்டே இருந்தது. கடல் வேலை என்றால் கரைக்கு வந்தால்தானே மின்னஞ்சல் பார்ப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா தினமும் டீ கொண்டுவந்து வைப்பாள். “இன்னா பாப்பா, அந்த டப்பாவையே மொறைச்சிகினு கீற? எதுனா பேஜாரா?” என்பாள். ஒன்றுமில்லை அக்கா என்று திரையை வேறு பக்கத்துக்கு மாற்றுவேன். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

குறித்த தேதிக்கு முதல் நாள் மத்தியானம் பொருளாளர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். பணம் திருப்பி அனுப்பும் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அந்த நன்கொடையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். தேர்ந்தெடுத்தேன். “உறுதியா?” என்று திரை கேட்டது.

“சார், சாயங்காலம் வரைக்கும் பாப்போம் சார்.”

“சாயங்காலம் மட்டும் என்ன கொம்பா முளைக்கும்?”

“உங்க காலப் புடிக்கிறேன் சார். சாயங்காலம் வரைக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். அவர் காலைப் பிடிக்கிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஆபீஸ் பூட்டற வரைக்கும்” என்றார்.

அலுவலகம் பூட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மின்னஞ்சல் வந்தது. இரண்டு இணைப்புகள். எங்கள் இணைய வேகத்துக்கு அவை திறப்பதற்குள் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் இந்தியக் குடிமகன் என்று இருந்தது. முகத்தில் அக்காவின் மூக்கும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், காசிமேட்டுக் குப்பத்து முகவரி. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ரேஷன் கார்டு நகலைப் பொருளாளர் சாரே எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் அப்படியே பொருந்தியது.

மின்னஞ்சலில் ஒரே வரிதான் எழுதியிருந்தான். நினைவாக என்றே எழுதவும், அம்மா இறந்துவிட்டார்.

எப்படி இந்தச் செய்தி போயிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. புருஷன் செத்த கொஞ்ச நாளில் அக்கா மஞ்சள் காமாலையில் நினைவு தப்பி விழ, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பிழைத்து எழுந்தவள் குப்பத்துக்குத் திரும்பவில்லை. நேரே திருவொற்றியூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். காசிமேட்டு வீடு பூட்டியே கிடந்தது. தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த எவனோ ஒருவன் கடல் கடந்து போய் மீதிக் கதையைத் தானே முடித்திருக்கிறான்.

“இப்பவே எழுதிடறேன் சார், உங்கம்மா உயிரோட இருக்காங்கன்னு.”

“இரு. அவள் நம்ம ஊழியர். அவளைப் பத்தி வெளியில எழுதறதுக்கு அவளைக் கேக்க வேண்டாமா?” என்றார் சார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பேரை ஊரறியப் பலகையில எழுதச் சொல்லித்தானே குடுத்திருக்கான். அப்ப அந்தப் பேரைப் பத்தி அவகிட்ட பேசலாம். தப்பில்லை” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பழைய பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

அக்கா பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உட்காரவைத்துச் சொன்னேன். நாளைக்குச் சாப்பாடு போடுவது உன் மகன், நீ செத்துவிட்டாய் என்று நினைத்துப் போடுகிறான் என்று. எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு, “உசுரோட கீறானா?” என்றாள்.

“இருக்கான்க்கா.”

தரையில் அப்படியே உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. பொருளாளர் சார் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தவளுக்குக் கோபம் வந்தது பாருங்கள். “கஸ்மாலம்! ஆத்தா செத்துட்டாளா இல்லியான்னு ஒரு எட்டு வந்து பாத்தா இன்னா? எவனோ சொன்னானாம், இவன் துட்டு அனுப்பிட்டானாம்!”

“எழுதிப் போட்டுடறேன்க்கா, நீ இருக்கேன்னு.”

“எழுதாத. எவனோ சொன்னத நம்புன மாதிரி இத்தயும் நம்பணுமா அவன்? கண்ணால பாக்கட்டும். நாளிக்கி போட்டா புடிப்பீங்கல்ல? அதுல நான் நிக்கிறேன்.”

“பலகையில என்னான்னு எழுதட்டும்?”

“அவன் இன்னா சொன்னானோ அத்தயே எழுது. அவன் துட்டு, அவன் இஷ்டம்” என்றாள். “பாத்துட்டும் வரலன்னா, அப்பால நான் செத்தவதான்.”

மறுநாள் உயிரோடு இருக்கிறவளின் பெயருக்குப் பக்கத்தில் ‘நினைவாக’ என்று எழுதினேன். எனக்கு மனசே கேட்கவில்லை. அவளோ வடை தட்டி, பாயசம் வைத்து, தன் படையல் சாப்பாட்டைத் தானே ஆக்கி முடித்து, தலையை வாரிக்கொண்டு, சாம்பார்க் கரண்டியோடு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தைகளுக்கு என்ன தெரியும், பாயசம் கேட்டுக் கூச்சல். பொருளாளர் சார்தான் டிஜிட்டல் கேமராவைப் பிடித்தார். முதல் படம் மங்கலாக விழுந்தது. இரண்டாவதை அனுப்பினோம். கூடவே முழுத் தொகைக்கான ரசீதும், எல்லாருக்கும் அனுப்புகிற அதே நன்றிக் கடிதமும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க அவள் விடவில்லை.

அப்புறம் காத்திருந்தோம். அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் திரும்பவும் கடலுக்குப் போயிருப்பானோ, பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறானோ என்று மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அலுவலக அறைக்கு வருவாள். போன் இருந்த மேஜையைத் துடைத்துத் துடைத்துப் பாலீஷே போய்விட்டது. போன் அடித்தால் கை அப்படியே நின்றுவிடும். நான் பேசுவதிலிருந்து வேறு யாரோ என்று தெரிந்ததும் மறுபடி துடைப்பாள். அவளைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள், “அதான் தொடச்சாச்சே, போயேன்க்கா” என்று எரிந்து விழுந்துவிட்டேன். துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் குழந்தைகள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். தூரத்தில் இன்ஜின் ஓடும் சத்தம். நான் இரண்டு முறை ஹலோ சொன்ன பிறகு ஒரு ஆண் குரல், “உங்க ரசீதுல இந்த நம்பரு போட்டிருந்திச்சி” என்றது. “அந்தப் போட்டோல கரண்டி வச்சிகினு நிக்கிறது… யாருங்க அது?”

துடைக்கிற துணியோடு நின்றவளிடம் ரிசீவரை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தவள், ஈரத் துணியை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் வெடித்தாள்.

“ஏன்டா பேமானி, செத்தவளுக்குச் சோறு போட்டியே, ஒரு துண்டு மீனாவது வைக்கச் சொன்னியாடா? ஆத்தாளுக்குப் பாயசமாடா புடிக்கும்?”

அந்தப் பக்கம் அவன் அழுதது எனக்கே கேட்டது. பொருளாளர் சார் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவன் ஏதோ திக்கித் திக்கிச் சொன்னான். அதில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான், “நீதானம்மா சொன்ன, செத்தாகூட வராதன்னு.”

அவள் முகத்தைத் துணியால் ஒரு துடை துடைத்துக்கொண்டாள். “ஆமாண்டா, சொன்னேன்” என்றாள். “செத்தாதான வராதன்னேன்? இப்ப உசுரோட கீறேன். வா.”